பத்தொன்பது கணக்கு, ஒரே நம்பர்

புன்னைக்காயலில் கிளாட்வினின் போன் நம்பர் தெரியாத வீடு கிடையாது. தெரியாவிட்டால்தான் என்ன, பாங்கிக்குத் தெரியும். பத்தொன்பது பெண்களின் சேமிப்புக் கணக்கில் மொபைல் எண் என்ற கட்டத்தில் இருந்தது அவனுடைய நம்பர்தான்.

அது நடந்த விதம் சொல்கிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் வளாகத்தில் மேசை போட்டு, மீனவப் பெண்களுக்குப் பைசா கட்டாமல் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். படிவத்தில் போன் நம்பர் கேட்டது. வீட்டில் இருக்கிற போன் புருஷனோடு கடலுக்குப் போய்விடும். போனது தண்ணீரில் விழாமல் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். சிம்மோ எவன் இலவசமாகக் கொடுக்கிறானோ அவன் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத நம்பர் ஊரில் ஒன்றே ஒன்று. பதினொரு வருஷம் கப்பலில் பம்ப்மேனாக இருந்து, முதுகு வலி வந்து கரையேறி, ரீசார்ஜ் கடையும் ஜெராக்ஸும் வைத்திருந்த கிளாட்வினுடையது. “உன் நம்பரைப் போட்டுக்கிடுதேன்ப்பா” என்று ஒருத்தி சொன்னாள். பின்னால் நின்ற பதினெட்டுப் பேரும் அதையே சொன்னார்கள்.

கிளாட்வினுக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணப் பணம் கணக்கில் ஏறிய அன்று அவன் கடை வாசலில் வந்து நின்று கூப்பிடுவான். தெருவே எட்டிப் பார்க்கும். நல்ல சேதியைக் கையில் வைத்திருக்கிறவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. சீலா மீன் கொண்டுவந்து கொடுக்கிறவளும் உண்டு, சும்மா சிரித்துவிட்டுப் போகிறவளும் உண்டு. இரண்டையும் அவன் வேண்டாமென்று சொன்னதில்லை.

அந்த நிவாரணம் என்பது பெண்கள் சங்கத்தில் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்த்த ஆயிரத்து ஐந்நூறும், அரசாங்கம் மேலே போடுகிற மூவாயிரமும். மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு. ஐப்பசி கார்த்திகையில் வலை காய்ந்து கிடக்கிற நாளில் அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான்.

இந்த வருஷம் பணம் ஏறிய சேதியை கிளாட்வின் வழக்கம்போலச் சொன்னான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பிலோமி ஆத்தூர் கிளைக்குப் போனாள். பிலோமி அவனுடைய பெரியப்பா மகனின் மனைவி. அவனுக்கு மயினி முறை. தலையில் கூடை வைத்து ஆத்தூர்ச் சந்தையில் நண்டு விற்கிறவள், எண்ணிக்கையில் ஏமாறாதவள். நாலாயிரத்து ஐந்நூறு என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் தந்தாள்.

“ரெண்டாயிரத்து எழுநூத்து முப்பதுதான் இருக்கும்மா.”

“நேத்துதானே ஏறிச்சு? நான் ஒரு பைசா எடுக்கலியே.”

“மினிமம் பேலன்ஸ் வைக்காததுக்குச் சார்ஜ். பத்து மாசமா நிக்குது. கணக்குல பணம் இல்லாததால அப்ப பிடிக்கல, இப்ப வந்ததும் பிடிச்சிருக்கு. மாசாமாசம் மெசேஜ் வந்திருக்குமே?”

மாசத்துக்கு நூற்றைம்பது, வரியோடு நூற்று எழுபத்தேழு. பத்து மாசத்துக்கு ஆயிரத்து எழுநூற்று எழுபது. அவள் கையால் சங்கத்தில் கட்டியதைவிட அதிகம். பாங்கி அபராதம் போட்டது என்று அவளுக்கு முதலில் தோன்றவில்லை. ‘மெசேஜ் வந்திருக்குமே’ என்பது மட்டும்தான் காதில் நின்றது.

மத்தியானத்துக்குள் ஊரில் கதை முழுசாக உருவாகிவிட்டது. மற்றவர்களும் அடுத்தடுத்த பஸ்ஸில் போய்ப் பார்த்தார்கள், பத்தொன்பது பேருக்கும் ஒரே தொகை குறைந்திருக்கிறது. பத்தொன்பது பேருக்கும் ஒரே போன். கணக்கிலிருந்து பணத்தை எடுக்க ஏதோ நம்பர் போனுக்குத்தான் வருமாம். முடிந்தது கதை! கிளாட்வின் ஜெராக்ஸ் மெஷின் புதுசாக வாங்கியதை ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். அவன் அதைத் தவணையில் வாங்கினான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கடை முன்னால் நின்றார்கள். பிலோமி முன்னால் நின்றாள்.

“ஏலே கிளாட்வின், பணத்தை நீ எடுத்தியா?”

“மயினி! என்ன கேள்வி கேக்கிய?”

“எடுக்கலேன்னா சரி. பத்து மாசமா பாங்கியில இருந்து மெசேஜ் வந்துச்சாமே. அதை ஏன் சொல்லல?”

உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருந்தது. மெசேஜ் வந்திருந்தது. பத்தொன்பது கணக்குக்கும் மாசாமாசம் வந்து போனை நிறைத்தது. எல்லாம் இங்கிலீஷில் ‘டியர் கஸ்டமர்’ என்று தொடங்கும். அவன் கண் பணம் ஏறிய மெசேஜை மட்டும் தேடும். மற்றதை மொத்தமாக அழித்துவிடுவான். இதுவரை சரி, அஜாக்கிரதை என்று விட்டுவிடலாம். ஆனால் மாசி மாசத்தில் ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம் ஒரு மெசேஜை முழுசாகப் படித்தான். சராசரி இருப்பு இரண்டாயிரத்துக்குக் கீழே, கட்டணம் நூற்று எழுபத்தேழு என்று போட்டிருந்தது. படித்தான், புரிந்தது. ‘இதைப் போய்ச் சொன்னா நம்ம தலையைத்தான் உருட்டுவாளுக’ என்று நினைத்தான். அழித்தான்.

அவன் பிலோமி பக்கம் திரும்பினான்.

“எனக்கு ஒரு மெசேஜும் வரல மயினி. சத்தியமா வரல. பாங்கிக்காரன் புளுகுதான். நாளைக்கே போயி அவனை உண்டு இல்லைன்னு பண்ணுதேன் பாருங்க.”

சொல்லி முடித்தபோது அவனுக்கே தான் சொன்னதில் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. கோபம் வேறு நிஜமாகவே வந்தது. பெண்களும் பாங்கியைத் திட்டத் தொடங்கினார்கள். பிலோமி மட்டும் திட்டவில்லை. “நானும் வாரேன்” என்றாள்.

இரவெல்லாம் உட்கார்ந்து அவன் ஒரு கடிதம் தட்டச்சு செய்தான். கப்பல் இங்கிலீஷ் கைகொடுத்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாசம் அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே அபராதம் போடலாம். இதை இணையத்தில் தேடிப் பிடித்தான். சரியான விதிதான். அதன்மேல் மூன்று பத்தி எழுதினான்: எந்த அறிவிப்பும் வரவில்லை, கீழே கையெழுத்திட்டிருக்கும் எனக்கு வரவில்லை, ஒருபோதும் வரவில்லை. பெண்களின் பணத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் இருந்தது இரண்டே வரி. மீதியெல்லாம் கிளாட்வினைப் பற்றி.

காலையில் பஸ்ஸில் பிலோமி மடியில் மஞ்சள் துணிப்பையை வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவன் விதியை விளக்கினான். அவள் ம் கொட்டினாள்.

கிளை மேலாளர் முத்துச்செல்வம் விளாத்திகுளத்துக்காரர். மானாவாரிக் காட்டில் மிளகாய் போட்ட குடும்பம். கடற்கரை ஆட்களின் சத்தம் பழக வருஷம் ஒன்று ஆனது அவருக்கு. கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார்.

“இந்தச் சார்ஜை நாங்க கையால போடுறதில்ல. சிஸ்டம் தானா போடுது. நோட்டீஸ் அனுப்பிட்டுதான் போடுது.”

“அனுப்பல சார். எழுதியிருக்கேனே! அனுப்பினதா நிரூபிங்க.”

“நிரூபிக்கணுமா?”

“ஆமா.”

முத்துச்செல்வம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பக்கத்து அறையில் பிரிண்டர் ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஏழு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம், தேதி, மணி, போன் நம்பர், போய்ச் சேர்ந்தது என்ற குறிப்பு. மொத்தம் நூற்றுத் தொண்ணூறு வரி. போன் நம்பர் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒன்றே.

“இது உங்க நம்பர்தானே?”

கிளாட்வின் தாளைப் பார்த்தான். தன் நம்பரை நூற்றுத் தொண்ணூறு தடவை ஒரே இடத்தில் அவன் அதுவரை பார்த்ததில்லை.

“நெட்வொர்க்கு... சில நேரம்...”

“பத்து மாசமுமா சார் நெட்வொர்க்கு இல்ல?” முத்துச்செல்வம் கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் கிளாட்வினுக்குச் சண்டை போடவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

பிலோமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நம்பர் படிக்கத் தெரியும். தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பிறகு கிளாட்வின் முகத்தைப் பார்த்தாள். அவன் மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தான். அவளுக்குக் கேட்க ஒன்றும் பாக்கி இல்லை. இப்படியே எழுந்து போய் அவன் ஏதாவது பஸ்ஸில் ஏறிவிட்டால் என்ன என்று நினைத்தான்.

“அப்போ நோட்டீஸ் அனுப்பியாச்சு. இந்த லெட்டரை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா” என்றார் மேலாளர்.

விஷயம் அங்கேயே செத்திருக்க வேண்டும். கிளாட்வின் எழுதிய கடிதம் தன்னைக் காப்பாற்ற எழுதியது. தன்னையும் காப்பாற்றவில்லை, பணத்தையும் காப்பாற்றவில்லை.

பிலோமி மஞ்சள் பையைத் திறந்தாள்.

“நோட்டீசு கெடக்கட்டும் சார். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கணக்கு தொடங்கும்போது, பைசா வைக்க வேண்டாம்னுதானே சொன்னாவ? இப்ப வைக்கலேன்னு தண்டம் பிடிச்சா எப்படி?”

“எல்லாக் கணக்கும் அப்படி இல்லம்மா. சாதாரண சேமிப்புக் கணக்குன்னா ரெண்டாயிரம் வைக்கணும்.”

“என் கணக்கு சாதாரணக் கணக்கா? யாரு சொன்னது?”

ஒரு பழைய பாஸ்புக்கை எடுத்து வைத்தாள். இப்போதிருக்கிற பாங்கியின் பாஸ்புக் அல்ல. முன்பு இந்தக் கிளையை நடத்திய சின்ன பாங்கியுடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த பாங்கி பெரிய பாங்கியோடு சேர்ந்தது, பலகை மாறியது, புதுப் பாஸ்புக் கொடுத்தார்கள். பழையதைக் குப்பையில் போடச் சொன்னபோது மற்றவர்கள் போட்டார்கள். பிலோமி கையெழுத்துப் போட்டு வாங்கிய எதையும் போடுகிறவள் இல்லை.

முத்துச்செல்வம் முதல் பக்கத்தைத் திருப்பினார். கணக்கு வகை என்ற இடத்தில் அடிப்படை சேமிப்பு வைப்புக் கணக்கு என்று அச்சாகியிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், பாஸ்புக்கைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அங்கே சாதாரண சேமிப்பு என்று இருந்தது.

“இதை மாத்தச் சொல்லி நீங்க எப்பவாவது எழுதிக் குடுத்தீங்களா? செக் புக் கேட்டு, வேற ஏதாவது...”

“நண்டு விக்கிறவளுக்கு செக்கு புக்கு எதுக்கு சார்?”

அவர் மூக்கைச் சொறிந்தார். குரல் இறங்கியது. “அடிப்படைக் கணக்குல குறைஞ்சபட்ச இருப்புங்கிற பேச்சே கிடையாது. அனுப்பினாலும் பிடிக்கக் கூடாது, அனுப்பாட்டாலும் பிடிக்கக் கூடாது. ரெண்டு பாங்கி கணக்கையும் சேர்க்கும்போது வகை தப்பா ஏறியிருக்கணும். பத்து மாசத்துக்கு முன்னால புது விதி வந்ததும் அதுக்குச் சார்ஜ் ஓட ஆரம்பிச்சிருக்கு.”

“அப்போ தப்பு உங்கமேல.”

“எங்கமேலதான்” என்றார் முத்துச்செல்வம். மேலாளர்கள் எளிதில் சொல்கிற வார்த்தை இல்லை அது. சொன்னதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் தப்பு என்று சொன்னதும் பணம் குதித்து வந்துவிடாது. ஒருத்திக்கு மட்டும் என்றால் பழைய பாஸ்புக் நகல் போதும், தானே பரிந்துரை அனுப்பிவிடலாம். பத்தொன்பது என்றால் ஒவ்வொருத்தியும் தன் பெயரில் எழுதித் தர வேண்டும், பழைய பாங்கியில் கொடுத்த தொடக்கப் படிவங்களைப் பழைய தாள் அடுக்கி வைத்திருக்கிற கிட்டங்கியிலிருந்து தேடி எடுக்க வேண்டும், மண்டல அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும் என்றார். கடிதத்துக்கு இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை போட்டுப் புகார் எண் எழுதித் தருவார்கள். முப்பது நாளில் தீராவிட்டால், அல்லது வருகிற பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்குக் காசு கிடையாது என்று அவரே சொன்னார். “எனக்கு மட்டும் முதல்ல போடுங்கன்னு நான் கேக்கல சார். பத்தொம்பதும் ஒண்ணாப் போகட்டும்” என்றாள் பிலோமி.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெண்கள் வரிசையில் அவள் உட்கார்ந்தாள். கிளாட்வின் பின்னால் நின்றான். உப்பளம் எல்லாம் கடந்து போயிற்று. இறங்கியபோது அவன் வாயைத் திறந்தான்.

“மயினி, ஒரே ஒருவாட்டிதான் படிச்சேன். மாசியில. சொல்லியிருக்கணும்.”

“ம்.”

“பயந்துட்டேன்.”

“அதைக் கடையில வச்சுச் சொல்லு. எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?”

சொன்னான். அன்று சாயங்காலமே, அதே ஏழெட்டுப் பேர் முன்னால். பணத்தை எடுக்கவில்லை, பாங்கிதான் தப்பாகப் பிடித்திருக்கிறது, ஆனால் மெசேஜ் வந்தது, மறைத்தேன். ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். முதல் மாசமே சொல்லியிருந்தால் நூற்று எழுபத்தேழோடு நின்றிருக்குமே என்றாள். சரிதானே! பிறகு பத்தொன்பது கடிதம் எழுதினான். பிலோமி சொல்லச் சொல்ல எழுதினான்: என் கணக்கு அடிப்படைக் கணக்கு. இந்தத் தேதியில் இவ்வளவு பிடித்தீர்கள். பிடித்தது தவறு. வரியோடு சேர்த்துத் திருப்பிப் போடவும், கணக்கு வகையைத் திருத்தவும். அவ்வளவுதான். அவன் பெயர் எந்தக் கடிதத்திலும் வரவில்லை. ஜெராக்ஸுக்கும் காசு வாங்கவில்லை.

பதினேழாம் நாள் பணம் திரும்பி வந்தது. ஒவ்வொரு கணக்கிலும் நூற்றைம்பது பத்துத் தடவை, இருபத்தேழு பத்துத் தடவை என்று தனித்தனியாக ஏறியது. கிளாட்வினின் போன் அரை மணி நேரம் ஓயாமல் அடித்தது. அவன் வாசலில் நின்று கூப்பிடவில்லை. வீடு வீடாகப் போய்ப் போனை நீட்டிக் காட்டிவிட்டு வந்தான். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். பிலோமியின் வீட்டில் அவனுக்குக் காப்பி கிடைத்தது. கதை முடிந்தது, பெயர் திரும்பி வந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

அடுத்த வாரம் முத்துச்செல்வம் சொல்லி அனுப்பினார். ஒரு நம்பரில் பத்தொன்பது கணக்கு இருப்பது சரியில்லை, அவரவர் நம்பரைப் பதிய வேண்டும். படிவமும் வந்தது. நிரப்புகிறவன் யார்? கிளாட்வின்தான். பெண்கள் கடையில் வரிசையாக நின்று நம்பர் சொன்னார்கள். மகள் நம்பர், மருமகன் நம்பர், தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிற தம்பி நம்பர். தன் நம்பரைத் தன் கையாலேயே பதினெட்டுத் தடவை அடித்து நீக்கினான்.

கடைசியாகப் பிலோமி வந்தாள். அவள் புருஷனின் போன் ஆனி மாசத்தில்தான் கடலில் விழுந்தது. மகன் ரெனிஷ் கப்பலில் இருக்கிறான். எப்போது கரைக்கு வருவான், எந்த சிம் போடுவான் என்று அவனுக்கே தெரியாது.

“உங்களுக்கு என் நம்பரே இருக்கட்டும் மயினி. ஒரு ஆளுக்குன்னா மேனேஜரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“வேண்டாம்.”

“பெறகு யாரு நம்பரு?”

“யாரு நம்பரும் வேண்டாம். மாசத்துக்கு ஒருவாட்டி ஆத்தூர் போயி புக்கைப் போட்டுப் பாத்துக்கிடுதேன். பொம்பளையளுக்குப் பஸ்ஸு சும்மாதானே.”

“வியாபாரம் பாதி நாளு கெட்டுப்போகுமே! மயினி, சாமி சத்தியமாச் சொல்லுதேன், இனிமே நல்லது கெட்டது எது வந்தாலும் ஒடனே வந்து சொல்லிருவேன்.”

பிலோமி சிரித்தாள். கோபமெல்லாம் இல்லை அவளிடம். இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

“சொல்லுவ லே. நீ சொல்லுவே. ஆனா நீ சொல்லுத ஒவ்வொரு வாட்டியும் நான் ஒம் மொகத்தைப் பாக்கணும், நெசந்தானான்னு. அதுக்கு பஸ்ஸுல போயிட்டு வாரது லேசு.”

கிளாட்வின் படிவத்தில் மொபைல் எண் என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான்.